அட்டவணையைப் பத்தியாக்கும்போது 'மொத்தம்' வரிசையை நம்பலாமா?

ஸ்லைடு முழுக்க எண்கள். அதை நாலைந்து வாக்கியத்தில் ஒரு பத்தியாக்க வேண்டும். பலரும் கட்டம் கட்டமாக வாக்கியமாக்கிக்கொண்டே போவார்கள். அது சுருக்கம் அல்ல, அட்டவணையைச் சத்தமாகப் படிப்பதுதான். இன்னும் சிலர் நேராகக் கடைசி 'மொத்தம்' வரிசைக்குப் போய்விடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

1986-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சிறுநீரகக் கல் சிகிச்சைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. அதில் இரண்டு முறைகளை மட்டும் பார்ப்போம். குணமானவர்கள் எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கணக்கு இது:

| கல் | திறந்த அறுவை | துளைவழி முறை |
|---|---|---|
| சிறியது | 87-ல் 81 (93%) | 270-ல் 234 (87%) |
| பெரியது | 263-ல் 192 (73%) | 80-ல் 55 (69%) |
| மொத்தம் | 350-ல் 273 (78%) | 350-ல் 289 (83%) |

மொத்தத்தை மட்டும் பார்த்தால் "துளைவழி முறையே மேல்" என்று எழுதத் தோன்றும். மேலே உள்ள இரண்டு வரிசைகளோ நேர்மாறாகச் சொல்கின்றன. சிறிய கல்லிலும் பெரிய கல்லிலும் திறந்த அறுவைதான் முன்னால் நிற்கிறது. எப்படி? சதவீதத்தை விட்டுவிட்டு, எத்தனை பேருக்குச் செய்தார்கள் என்று பாருங்கள். திறந்த அறுவைக்கு வந்த 350 பேரில் 263 பேருக்குப் பெரிய கல். எந்த முறையிலும் குணமாக்கக் கடினமானது அது. துளைவழி முறைக்கோ 270 பேர் சிறிய கல்லோடு வந்தவர்கள். கடினமான நோயாளிகள் ஒரு பக்கம் குவிந்ததால்தான் அந்தப் பக்கத்து மொத்தம் சரிந்தது. புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர்.

சரி, பத்தியை எப்படி எழுதுவது? முதலில் ஒப்பீடு, அப்புறம் மொத்தம் ஏன் புரண்டது என்ற காரணம்:

"கல்லின் அளவு ஒன்றாக இருக்கும்போது திறந்த அறுவையில் குணமானோர் விகிதம் சற்று அதிகம்: சிறிய கல்லில் 93%, துளைவழி முறையில் 87%; பெரிய கல்லில் 73%, துளைவழி முறையில் 69%. மொத்தத்தில் துளைவழி முறை முந்துவதற்குக் காரணம், அதற்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறிய கல் என்பதே."

இதில் 'சற்று' என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். துளைவழி முறையில் பெரிய கல் உள்ளவர்கள் 80 பேர்தான். இன்னும் மூன்று பேர் குணமாகியிருந்தால் 69% என்பது 73% ஆகிவிடும், வித்தியாசமே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் 'தெளிவாக மேல்' என்று எழுதினால் அட்டவணையில் இல்லாததைச் சொன்னதாகிவிடும்.

இன்னொரு வழுக்கல். 87-லிருந்து 93 என்பது 6 சதவீதப் புள்ளி உயர்வு. அதையே குணமாகாதவர்கள் பக்கமிருந்து பார்த்தால் 13% என்பது 7% ஆகிறது, ஏறக்குறைய பாதி. இரண்டும் சரியான கணக்குதான். ஆனால் ஸ்லைடு குணமானவர்களை எண்ணியிருக்கும்போது பத்தி மட்டும் "தோல்வி பாதியாகக் குறைந்தது" என்று பேசினால், அட்டவணையில் அந்த எண்ணைத் தேடுகிறவர் கண்டுபிடிக்கவே மாட்டார்.