இறங்க இறங்க வேகம் கூடுகிறது, ஐயா!

மாணவர் செயற்கைக்கோள் அறிக்கைகளில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: “காற்றின் இழுவையால் வேகம் குறைந்து செயற்கைக்கோள் இறங்கும், இழந்த வேகத்தை உந்துபொறி மீட்டுத் தரும்.” தயவுசெய்து இதை எழுதுவதை நிறுத்துங்கள்.

400 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதையில் வேகம் நொடிக்கு 7.67 கி.மீ. 300 கி.மீ.க்கு இறங்கினால் 7.73. கூடியிருக்கிறது, பார்த்தீர்களா? காற்று பறிப்பது மொத்த ஆற்றலை. அது ஒரு பங்கைப் பறித்தால் நிலையாற்றல் இரண்டு பங்கு குறையும். மிச்சமுள்ள ஒரு பங்கு இயக்க ஆற்றலாக மாறி வேகத்தைக் கூட்டிவிடும். அதனால் வேகம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்து தெரியவே தெரியாது. செயற்கைக்கோளின் பாதையை இரண்டு வரி எண்களில் தரும் டி.எல்.இ. தரவின் இரண்டாம் வரியில், ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்ற எண்ணைப் பாருங்கள். 400 கி.மீ.யில் அது சுமார் 15.56, 300 கி.மீ.யில் 15.91. வாரா வாரம் அது ஏறிக்கொண்டே போனால், நீங்கள் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏற்றுவதிலும் இதே தலைகீழ்தான். முன்னோக்கி ஒருமுறை தள்ளினால் தள்ளிய இடத்தில் உயரம் கூடாது, பூமிக்கு மறுபக்கம்தான் உயரும். அரைச் சுற்று, அதாவது சுமார் 46 நிமிடம் கழித்து அங்கே இன்னொரு தள்ளு கொடுத்தால்தான் பாதை மறுபடி வட்டமாகும். இரண்டும் சேர்ந்து ஒரு கி.மீ. ஏற்றத்துக்கு நொடிக்கு 0.57 மீட்டர் வேக மாற்றம் போதும். முடிவில் வேகம் முன்பைவிடக் குறைந்தே இருக்கும்! அளவு சின்னதுதான். ஆனால் சுமார் 420 டன் எடையுள்ள சர்வதேச விண்வெளி நிலையம் மாதம் 2 கி.மீ. அளவுக்கு இறங்குகிறது, அதை ஈடுகட்ட ஏறத்தாழ 160 கிலோ எரிபொருள் வேண்டும்.

அந்த 2 கி.மீ.யும் நிலையான எண் அல்ல. சூரியன் சீறினால் மேல்வளிமண்டலம் சூடாகி வீங்கும், அதே உயரத்தில் காற்று அடர்த்தியாகும். 2022 பிப்ரவரி 3 அன்று ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் முதலில், பூமிக்கு மிக அருகே வரும் தாழ்புள்ளி சுமார் 210 கி.மீ. உள்ள பாதையில் விடப்பட்டன. மறுநாள் புவிகாந்தப் புயல், அதுவும் பெரியதல்ல. முந்தைய ஏவுதல்களைவிட இழுவை 50% வரை கூடியது. இழுவையைக் குறைக்கக் காகிதம்போல விளிம்பு முன்னே இருக்கத் திருப்பியும், அந்தப் பாதுகாப்பு நிலையிலிருந்து வெளியே வந்து மேலேற முடியாமல் 38 எரிந்துபோயின.

எனவே ஆயுட்காலத்தை ஒரே அடர்த்தி வைத்துக் கணக்கிடாதீர்கள். சூரியன் அடங்கிய காலத்துக்கு ஒன்று, உச்ச காலத்துக்கு ஒன்று, இரண்டும் வேண்டும். பாதுகாப்பு நிலையில் எந்த முகம் முன்னே நிற்கும் என்பதையும் எழுதுங்கள்: 10 செ.மீ. கனசதுரங்கள் மூன்றை அடுக்கியது போன்ற மூன்று அலகு கியூப்சாட் நெட்டுவாக்கில் பறந்தால் காற்றில் படும் முகம் 100 சதுர செ.மீ., குறுக்கே பறந்தால் 300. இழுவையும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.