அழித்த பாஸ்வேர்ட் ஏன் திரும்பி வருகிறது?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கும் வாசகி கேட்டிருக்கிறார்: “அண்ணே, பழைய கைப்பேசியை விற்பதற்கு முன்னால் குரோமில் சிங்க்கை நிறுத்தினேன். அப்புறம் புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் அழித்தேன். புதுக் கைப்பேசியில் அதே கணக்கில் நுழைந்து சிங்க்கைப் போட்டதும் அத்தனையும் வந்து நிற்கிறது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார் அத்தை.”

எலுமிச்சம்பழத்தை அத்தை ஊறுகாய்க்கே வைத்துக்கொள்ளட்டும். தங்கை அழித்தது சரி, வரிசைதான் மாறிவிட்டது.

சிங்க் என்றால் நம் தரவின் ஒரு நகல் சர்வரிலும், கணக்கில் நுழைந்த ஒவ்வொரு கருவியிலும் இருக்கும். இது தெரிந்ததுதான். தெரியாத இடம், ஒன்றை அழிக்கும்போது நடப்பது. அலுவலகக் கணினி தீபாவளி விடுமுறைக்கு மூடிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கைப்பேசியில் ஒரு புக்மார்க்கை நீக்குகிறீர்கள். சர்வர் அதைச் சுத்தமாக மறந்துவிட்டால், விடுமுறை முடிந்து விழிக்கும் அலுவலகக் கணினி தன் நகலைப் பார்த்து, “இது சர்வரில் இல்லையே, புதிது போலிருக்கிறது” என்று மறுபடி மேலே ஏற்றிவிடும். நீக்கிய எதுவும் நீங்கியே இருக்காது.

அதனால் நீக்கியதற்கும் சர்வர் ஒரு பதிவு வைக்கிறது. இந்தப் புக்மார்க் இருந்தது, இப்போது செத்துவிட்டது என்கிற அடையாளம் அது. நிரலாளர்கள் அதைக் கல்லறைக்கல் என்றே அழைக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. தான் கடைசியாக எதுவரை வாங்கினோம் என்று ஒவ்வொரு கருவியும் குறித்து வைத்திருக்கும். அலுவலகக் கணினி விழித்ததும் “அதற்குப் பிறகு என்ன?” என்று கேட்கும். சர்வர் கல்லறைக்கல்லைக் கொடுக்கும். கணினி தன் நகலையும் அழித்துவிடும். இல்லாமல் போனதை இருக்கும் ஒன்றாக எழுதி வைத்துத்தான் எல்லாக் கருவிகளையும் ஒரே பேச்சில் நிறுத்துகிறார்கள். எனக்கு இதில் தீராத ரசனை உண்டு.

தங்கை முதலில் சிங்க்கை நிறுத்தினார். அந்த நிமிடமே கைப்பேசிக்கும் சர்வருக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. பிறகு அழித்ததெல்லாம் அந்தக் கைப்பேசியோடு போயிற்று. கல்லறைக்கல் ஒன்றுகூட மேலே போகவில்லை, சர்வர் நகல் அப்படியே இருந்தது.

சர்வரையே காலி செய்ய வேறு வழி இருக்கிறது. கணினியில் chrome.google.com/sync பக்கத்துக்குப் போய்க் கடைசிவரை இறங்கினால் Delete data என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கல்லறைக்கற்கள் அனுப்பப்படுவதில்லை. ஒவ்வொரு கணக்கின் சேமிப்புக்கும் சர்வர் ஒரு பிறந்தநாள் அடையாளம் வைத்திருக்கிறது, கருவிகளும் அதை நினைவில் வைத்திருக்கும். சேமிப்பு அழிந்து புதிதாகும்போது பிறந்தநாளும் மாறிவிடும். பழைய பிறந்தநாளோடு வரும் கருவியிடம் “நீ தேடி வந்தது இதுவல்ல” என்று சர்வர் சொல்லிவிடும். அந்தக் கருவி தன்னிடம் இருப்பதை மேலே ஏற்றாமல் சிங்க்கை நிறுத்திக்கொள்ளும். ஃபயர்பாக்ஸில் நிலைமை நேர் எதிர். சர்வர் காலியாக இருப்பதைப் பார்த்தால், இணைப்பில் இருக்கும் கருவி தன் நகலைக் கொண்டு அதை மறுபடி நிரப்பிவிடும். அங்கே எல்லாக் கருவிகளையும் முதலில் துண்டிக்க வேண்டும்.

ஆனால் சர்வர் காலியானாலும் கருவிகளில் உள்ள நகல்கள் சாகாது. தங்கையின் அலுவலகக் கணினியில் பாஸ்வேர்டுகள் அப்படியே இருக்கும், அடுத்த கிராணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும். வேலையை விட்டுப் போனபின் அந்தக் கணினியைத் தொட முடியாது என்றால் கல்லறைக்கற்களையே தூது அனுப்பலாம். சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாஸ்வேர்டுகளையும் புக்மார்க்குகளையும் கைப்பேசியிலிருந்து நீக்குங்கள். ஹிஸ்டரியை அழிக்கும்போது கால அளவை ‘எல்லாக் காலமும்’ என்று வையுங்கள். சோதனைக்கு ஒரு புக்மார்க்கை மட்டும் விட்டுவைத்து, அதைக் கடைசியில் நீக்குங்கள். அலுவலகத்தில் இருக்கும் தோழியிடம் குரோமைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அது மறைந்திருந்தால் தூது சேர்ந்துவிட்டது, பாஸ்வேர்ட் பட்டியலும் காலியா என்று அவரே ஒரு பார்வை பார்த்துவிடலாம். அப்புறம் Delete data, அதன் பிறகே சிங்க் நிறுத்தம்.

இதில் கவிழும் இடம் ஒன்று உண்டு. கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாலோ, அந்தக் கணினியைத் தூரத்திலிருந்து வெளியேற்றியிருந்தாலோ அங்கே சிங்க் இடைநிறுத்தத்தில் இருக்கும். தூது போய்ச் சேராது, நகல் மட்டும் அங்கேயே கிடக்கும். அப்படியானால் ஒரே வழி, அதில் சேமித்திருந்த வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்றுவது.

கூகுளில் தேடியதெல்லாம் தனி விஷயம். அது சிங்க் சேமிப்பில் இல்லை, myactivity.google.com பக்கத்தில் இருக்கிறது. அதை அங்கே போய்த்தான் அழிக்க வேண்டும்.