கூகுள் டிரைவில் இருந்தால் அது பேக்கப் ஆகிவிடாது

ஆய்வு மாணவர்களின் தரவு மேலாண்மைத் திட்டங்களில் பேக்கப் பகுதிக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே வரிதான்: "தரவு கூகுள் டிரைவில் சேமிக்கப்படும்." இதை இன்னும் எத்தனை முறை திருப்பி அனுப்புவது?

டிரைவ் செய்வது ஒத்திசைவு. மடிக்கணினியில் ஒரு கோப்புறையை அழித்தால் மேகத்திலும் அழியும், இணைத்திருக்கும் மற்ற கணினிகளிலும் அழியும். ரான்சம்வேர் பூட்டிய கோப்பும் அப்படியே மேலேறிவிடும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், உண்மைதான். ஆனால் ஜனவரியில் தவறி அழிந்த ஒலிப்பதிவை மூன்றாம் அத்தியாயம் எழுதும் ஏப்ரலில்தானே தேடுவீர்கள்?

ஒரு கள ஆய்வை எடுத்துக்கொள்வோம். 60 நேர்காணல், தலா ஒரு மணி நேரம், மோனோ வேவ் கோப்புகள். மொத்தமே சுமார் 19 ஜிபிதான் வரும். இடமில்லை என்று சொல்ல வழியில்லை. வேலை செய்யும் பிரதி துறை சர்வரில் இருக்கட்டும். இரவுதோறும் தானாக ஓடும் இன்னொரு பிரதி வேறு கட்டடத்துக்குப் போகட்டும். மூன்றாவதை, குறியாக்கம் செய்த ஹார்ட் டிஸ்கில் மாதம் ஒருமுறை எடுத்து, கழற்றிப் பூட்டி வையுங்கள். கழற்றுவது முக்கியம். செருகியே கிடக்கும் டிஸ்கையும் ரான்சம்வேர் விடாது.

பதிவுகள் வந்த அன்றே, ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்புக் குறியீட்டையும் எழுதிவைக்கும் முதல் கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு பிரதியிலும், அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டாவதை ஓட்டுங்கள்:

```
sha256sum *.wav > sums.txt
sha256sum -c sums.txt
```

`FAILED` என்று வந்தால் அந்தக் கோப்பு மாறியிருக்கிறது, அல்லது கெட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்துக் கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்தும் பாருங்கள். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட் தரவை அழித்ததே பேக்கப் ஸ்கிரிப்ட்தான். ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டின் மேலேயே திருத்திய பதிப்பை எழுதிவிட்டார்கள். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை. ஒரே நிரல் எல்லாப் பிரதிகளையும் தொட முடிகிற ஏற்பாடு வேண்டவே வேண்டாம்.

பகிர்வைப் பற்றி ஒன்றே ஒன்று. பேசியவரின் குரலே அவரை அடையாளம் காட்டும். பெயரை நீக்கிய எழுத்துவடிவத்தைக் களஞ்சியத்தில் போடலாம். ஒலிப்பதிவைப் போடக் கூடாது. எழுத்துவடிவத்தைப் பகிரவும் ஒப்புதல் படிவத்தில் முன்கூட்டியே ஒரு வரி வேண்டும். நேர்காணல் முடிந்தபின் 60 பேரையும் தேடிப் பிடிக்க முடியாது.

"பத்தாண்டு பாதுகாக்கப்படும்" என்று எழுதுகிறீர்கள். யார் பாதுகாப்பார்? நீங்கள் பட்டம் வாங்கிப் போனதும் உங்கள் பல்கலைக்கழகக் கணக்கு மூடப்படும், அதிலுள்ள டிரைவும் போகும். பொறுப்பாளராக ஆள் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள். குறியாக்கக் கடவுச்சொல் அந்தப் பதவியில் இருப்பவரிடமும் இருக்கட்டும். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கேட்கும் முன்பே தரவின் உரிமையைத் துறைக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், தயவுசெய்து.