நாட்டு மாட்டுப் பால் வயிற்றுக்கு நல்லதா? ஒரு உணவு ஆலோசகரின் வேண்டுகோள்

போன வாரம் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். குழந்தைக்குக் கன்னமும் உதடும் வீங்கி வற்றிய அடையாளம் இன்னும் இருந்தது. எட்டாம் மாதத்தில் பாக்கெட் பால் கொடுத்தபோதே உடம்பெல்லாம் தடித்து, பரிசோதனை செய்து, மாட்டுப் பால் ஒவ்வாமை என்று குழந்தை மருத்துவர் சொல்லியிருக்கிறார். பால் சேர்ந்த எதையும் கொடுக்க வேண்டாம் என்று எழுதியும் கொடுத்திருக்கிறார். ஆனால் பாட்டி, "அது சீமை மாட்டுப் பாலுக்குத்தானே, நாட்டு மாட்டு ஏ2 பால்னா ஒண்ணும் பண்ணாது" என்று இரண்டு பாலாடை புகட்டிவிட்டார். இருபது நிமிடத்தில் முகம் வீங்கி, வாந்தி எடுத்து, இரவில் அவசரப் பிரிவுக்கு ஓடியிருக்கிறார்கள். நல்லவேளை, பிழைத்தது. இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது குழந்தை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாட்டியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அம்மாவும் அதை நம்பித்தான் இருந்தார். காரணம், அவருக்கே அந்தப் பால் "சரியாகிவிட்டது". பல வருடமாகப் பால் குடித்தால் வயிறு உப்புசம், கடமுடா சத்தம், சில நாள் பேதி. நாட்டு மாட்டுப் பாலுக்கு மாறியதும் எல்லாம் நின்றுவிட்டதாம். இதே கதையை வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் சொல்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. வயிற்றுத் தொந்தரவு நின்றது உண்மை. நின்றதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் தவறு.

எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டேன். முன்பு காலையில் வெறும் வயிற்றில் பெரிய டம்ளரில் 300 மில்லி பாக்கெட் பால். இப்போது? நாட்டு மாட்டுப் பால் விலை இருமடங்குக்கும் மேல். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அரை லிட்டர்தான் வாங்குகிறார்கள். அவர் பங்குக்குக் காலை காபியில் 100 மில்லி, அதுவும் இட்லி சாப்பிட்ட பிறகு.

விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். எந்த மாடானாலும் 100 மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் இருக்கும். காங்கேயம் பசுவுக்கும் அவ்வளவுதான், ஜெர்சிக்கும் அவ்வளவுதான். அதைச் செரிக்கும் நொதி நம்மில் பெரும்பாலோருக்கு வளர்ந்த பிறகு குறைந்துவிடும். அப்படிப்பட்டவர்களிலும் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரிய தொந்தரவில்லாமல் தாங்குவார்கள். 300 மில்லியில் ஏறக்குறைய 15 கிராம் இருக்கிறது, காபியில் இருப்பதோ 5 கிராம். மாட்டை மாற்றியதோடு அளவையும் நேரத்தையும் சேர்த்து மாற்றிவிட்டு, பாராட்டை மட்டும் மாட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

சோதித்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று நாள் பழைய பாக்கெட் பாலையே 100 மில்லி, சாப்பாட்டுக்குப் பிறகு. ஒன்றும் இல்லை. நான்காம் நாள் நாட்டு மாட்டுப் பால் 300 மில்லி, வெறும் வயிற்றில். ஒன்றரை மணி நேரத்தில் வயிறு பொருமி, இரண்டு முறை கழிவறைக்குப் போய்வந்ததாகப் போனில் சொன்னார்.

அப்படியானால் பாலில் ஏ1, ஏ2 என்று இரண்டு வகை சொல்வதெல்லாம் கட்டுக்கதையா? இல்லை. வேறுபாடு உண்டு, ஆனால் அது இருப்பது புரதத்தில். பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தின் 209 அமினோ அமிலங்களில் 67ஆவது இடத்தில் மட்டும் ஏ2வில் புரோலினும் ஏ1இல் ஹிஸ்டிடினும் இருக்கும். அதனால் ஏ1 செரிக்கும்போது பீட்டா கேசோமார்பின்-7 என்ற சிறு துண்டு எளிதாகப் பிரிகிறது. அது குடலின் அசைவை மந்தமாக்கி உபத்திரவம் தரலாம் என்பதுதான் வாதம். நீரிழிவு, இதய நோய் வரைக்கும் இதைக் காரணமாக்கினார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அந்த நோய்களுக்கும் இந்தத் துண்டுக்கும் காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டது.

வயிற்று உபத்திரவத்துக்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. 2016இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில், பால் ஒத்துக்கொள்ளாது என்று தாங்களே சொன்ன 45 பேருக்கு இரண்டு வாரம் ஏ2 மட்டும் உள்ள பாலும், இரண்டு வாரம் ஏ1, ஏ2 கலந்த பாலும் கொடுத்தார்கள். கலப்புப் பால் குடித்தபோது உபத்திரவம் அதிகமாக இருந்தது. ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஏ2 பால் விற்கும் நிறுவனம். பங்கேற்றவர்களோ வெறும் 45 பேர். பிறகு வந்த ஆய்வுகளில் சிலவும் அதே திசையைத்தான் காட்டுகின்றன, அவற்றில் பலவற்றிலும் அதே நிறுவனத்தின் பணம் இருக்கிறது. எனவே, சிலருக்குக் கொஞ்சம் இதமாக இருக்கலாம் என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. இந்திய நாட்டு இனங்களில் கிட்டத்தட்ட எல்லாமே ஏ2தான், எருமையும் ஏ2தான். நாட்டுப் பசுவுக்கும் ஜெர்சிக் காளைக்கும் பிறந்த முதல் தலைமுறைக் கன்று, தாயிடமிருந்து ஏ2வைக் கட்டாயம் வாங்கியிருக்கும். அதனால் பல மாடுகளின் பால் சேர்ந்து வரும் பாக்கெட் பாலிலும் ஏ2 தாராளமாக இருக்கிறது. "பாக்கெட் பால் என்றால் ஏ1" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏ2 நெய் என்று விற்பதைப் பற்றி ஒரே வார்த்தை: நெய் கொழுப்பு, வேறுபாடு இருப்பதோ புரதத்தில். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் இதைச் சொல்லித்தான் ஏ1, ஏ2 என்று போட்டு விற்பதை நிறுத்தச் சொன்னது. சில நாளிலேயே, மேலும் ஆலோசிக்க வேண்டும் என்று அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அது ஏ2வுக்குக் கிடைத்த சான்றிதழ் இல்லை.

உங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லையா? முதலில் அளவைக் குறையுங்கள், சாப்பாட்டோடு குடியுங்கள், தயிருக்கும் மோருக்கும் மாறிப் பாருங்கள். லாக்டோஸ் நீக்கிய பால் கடையில் கிடைக்கிறது. அதைப் பழைய அளவே குடித்து வயிறு அமைதியாக இருந்தால், பிரச்சினை லாக்டோஸ்தான். அப்புறமும் ஏ2 உதவுகிறதா என்று பார்க்க ஆசையா? இரண்டு பாலையும் ஒரே அளவில், ஒரே நேரத்தில், எது எது என்று உங்களுக்குச் சொல்லாமல் வீட்டில் யாராவது ஊற்றித் தரட்டும். ஒவ்வொன்றையும் சில நாள் குடித்துக் குறித்து வையுங்கள். எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

குழந்தை விஷயத்தில் மட்டும் சோதனையே கூடாது. ஒவ்வாமை என்பது உப்புசம் இல்லை. அது பாலின் புரதங்களை உடம்பே எதிரியாக நினைத்துத் தாக்குவது. அந்தப் புரதங்கள் நாட்டு மாட்டுப் பாலிலும் இருக்கின்றன. ஆட்டுப் பாலிலும் எருமைப் பாலிலும் ஏறக்குறைய அதே சாயலில் இருப்பதால் அவையும் மாற்று ஆகாது. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு எந்த மாட்டுப் பாலையும் பாலாடையில்கூடத் தொட்டுக் கொடுக்காதீர்கள். தாய்ப்பால் போதவில்லை என்றால் என்ன கொடுப்பது என்பதைக் குழந்தை மருத்துவர் எழுதித் தருவார். பால் குடித்ததும் முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, குழந்தை துவண்டாலோ, வீட்டு வைத்தியம் செய்துகொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். அந்தப் பாட்டியிடம் நான் கேட்டுக்கொண்டது, குழந்தையின் மருத்துவக் குறிப்பை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள் என்றுதான். "யார் வந்து சொன்னாலும் இனி அதைக் காட்டுறேன்மா" என்றார்.