நன்செய், புன்செய், தோட்டம், காடு: பிரெஞ்சு அறிக்கையில் எப்படி எழுதுவது?

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றிய திட்ட அறிக்கை பெரும்பாலும் தமிழிலிருந்து நேராகப் பிரெஞ்சுக்குப் போவதில்லை. களத்தில் தமிழில் கேட்டது முதலில் ஆங்கிலக் குறிப்பாகிறது. அந்தக் குறிப்புதான் பிறகு பிரெஞ்சாகிறது. நிலவகைச் சொற்கள் கெடுவது இந்த இரண்டாவது தாவலில்தான். அதிகம் அடிபடும் சொல் நன்செய்.

நன்மை என்ற பண்பும் 'செய்' என்ற பெயரும் சேர்ந்தது நன்செய். இங்கே 'செய்' வினைச்சொல் அன்று. வயல் என்பது பொருள். புன்மை, அதாவது எளிமை, குறைவு என்ற பொருளோடு சேர்ந்தது புன்செய். சங்கப் பாடல்களில் வரும் புன்புலத்திலும் இதே 'புன்'தான் இருக்கிறது. 'ன்' என்ற எழுத்தை அடுத்துச் சகரம் வரும்போது பேச்சில் அது 'ஞ்' ஆகிவிடும். அப்படித்தான் நஞ்சை, புஞ்சை என்ற வழக்கு வந்தது. பட்டாவில் நன்செய், புன்செய் என்றே இருக்கும். அறிக்கையிலும் அந்த வடிவத்தை வைத்துக்கொண்டால் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குக் குழப்பம் வராது.

ஆகவே சொல்லுக்குள் ஈரமும் இல்லை, வறட்சியும் இல்லை. ஆங்கில வருவாய்க் கணக்குதான் இவற்றை 'வெட்', 'டிரை' என்று எழுதியது. அதைப் பார்த்துப் பெயர்ப்பவர் நன்செய்யை 'ஸோன் உமீத்' என்று எழுதிவிடுகிறார். பிரெஞ்சில் அந்தத் தொடருக்குத் தனிப் பொருள் உண்டு: சதுப்பு, கழிமுகம், அலையாத்திக் காடு போன்ற ஈரநிலம். 1971-இன் ராம்சார் உடன்படிக்கை பேசுவது இவற்றைத்தான். பள்ளிக்கரணையும் பிச்சாவரமும் 2022-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. '40 ஹெக்டேர் நன்செய்யில் வாய்க்கால் சீரமைப்பு' என்ற வரி, பாரிசில் இருக்கும் சுற்றுச்சூழல் அலுவலர் மேசைக்குப் போகும்போது '40 ஹெக்டேர் சதுப்பு நிலத்தில் கட்டுமானம்' என்று படிக்கப்படும். அங்கிருந்து கேள்விக் கடிதம் வந்தால் அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

'ரிஸியேர்', அதாவது நெல்வயல் என்று எழுதுவதும் முழுச் சரியாகாது. நன்செய்யில் கரும்பும் வாழையும் வெற்றிலையும் விளைகின்றன. நன்செய் என்பது பயிரின் பெயர் இல்லை. ஏரி, ஆறு, வாய்க்கால் பாசனத்தைக் கணக்கில் கொண்டு வருவாய்த்துறை அந்த நிலத்துக்குக் கொடுத்த வகை. ஏரி நிரம்பாத ஆண்டில் தரிசாகக் கிடந்தாலும் அது நன்செய்தான். அதனால் 'தேர் இரிகாப்ள்' என்பதே பொருந்தும்: பாசனத்துக்கு உரிய நிலம். 'தேர் இரிகே' என்றால் தண்ணீர் உண்மையாகவே பாய்கிறது என்று பொருள். சொல்லின் ஈறு மாறினால் திட்டத்தின் அடிப்படை அளவே மாறிப்போகும்.

புன்செய்யில் சிக்கல் வேறு விதமானது. 'தேர் ஸேஷ்' என்று எழுதினால் வறண்ட பூமி என்ற படம் எழுகிறது. மழையை நம்பி விதைக்கும் மானாவாரிக்குப் பிரெஞ்சில் உள்ள சரியான தொழிற்சொல் 'கில்தூர் ப்ளூவியால்'. ஆனால் எல்லாப் புன்செய்யும் மானாவாரி இல்லை. கிணறோ ஆழ்துளைக் குழாயோ போட்டு ஆண்டு முழுதும் பயிர் வைத்தாலும் பட்டாவில் அது புன்செய்யாகவே தொடரலாம்.

கொங்கு வட்டாரத்தில் ஒரு விவசாயி இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "ரெண்டு ஏக்கர் தோட்டமுங்க, நாலு ஏக்கர் காடுங்க." அகராதியைப் பார்த்துப் பெயர்த்தால் 'ரெண்டு ஏக்கர் ஜார்தன், நாலு ஏக்கர் ஃபொரே' என்று வரும். பூந்தோட்டமும் வனமும் வைத்திருக்கும் பெரிய பண்ணையார் போலத் தோன்றுகிறார் அவர். கொங்குப் பேச்சில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசன நிலம். காடு என்றால் மானாவாரிப் புன்செய், சோளமும் கொள்ளும் விதைக்கிற இடம். 'காட்டு வேலைக்குப் போறோம்' என்று பெண்கள் சொன்னால் களையெடுக்கவோ அறுப்புக்கோ போகிறார்கள், சுள்ளி பொறுக்க அல்ல. கூலி பற்றிய அத்தியாயத்தில் இது 'வனப் பணி' ஆகிவிட்டால் அத்தியாயமே பொய்யாகிவிடும்.

இப்போது அவருடைய பட்டாவைப் பாருங்கள். நன்செய்ப் பத்தி வெறுமையாக இருக்கிறது. புன்செய்ப் பத்தியில் '2 - 43.00' என்று இருக்கிறது. பேட்டியில் இரண்டு ஏக்கர் பாசனம் என்றவர் பட்டாவில் பாசனமே இல்லாதவராகத் தெரிகிறார். இரண்டும் உண்மைதான்: ஒன்று வருவாய் வகை, மற்றது நடப்பு நிலை. இரண்டையும் இணைத்துப் பார்க்க அடங்கல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் கிராமக் கணக்கு எண் 2 அது. புல எண் வாரியாக என்ன பயிர், எந்த நீராதாரம் என்று அதில் இருக்கும். அதன் ஆண்டு பசலி என்பதை மறக்கக் கூடாது: ஜூலை 1-இல் தொடங்கும் பசலி 1434-ஐ அறிக்கையில் 2024-2025 என்று எழுத வேண்டும்.

அளவுகளிலும் ஒரு பொறி இருக்கிறது. பட்டாவின் பரப்புப் பத்தித் தலைப்பு 'ஹெக் - ஏர்'. இந்த ஏர், உழுகிற ஏர் இல்லை. அது பிரெஞ்சு அளவுப் பெயரான 'ஆர்', ஆங்கிலம் வழியாக நம் எழுத்துக்கு வந்தது. 100 சதுர மீட்டர் கொண்டது. அதை உழவுக் கருவி என்று எண்ணி 'ஷாரூ' என்று பெயர்த்தால், பிரெஞ்சுக்காரருக்கு அவருடைய சொந்தச் சொல்லையே கலப்பையாக்கித் திருப்பிக் கொடுத்ததாகும். ஹெக்டேர், ஆர், சாந்தியார் என்று பிரித்து எழுதுவது பிரெஞ்சு நில ஆவணங்களின் வழக்கமும்கூட. ஆகவே '2 - 43.00' என்பதை 2 ஹெக்டேர் 43 ஆர் என்று அப்படியே எழுதலாம்; பதின்மத்தில் 2.43 ஹெக்டேர். தவறு நேர்வது ஏர் ஒற்றை இலக்கமாக இருக்கும்போது: '2 - 4.30' என்பது 2.043 ஹெக்டேர், 2.43 அன்று. கோட்டைத் தசமப் புள்ளியாகப் படிப்பவர் இதில் கிட்டத்தட்ட ஓர் ஏக்கரைக் கூட்டிவிடுவார். சரிபார்க்க எளிய வழி: ஓர் ஏக்கர் என்பது 40.47 ஏர். ஆறு ஏக்கருக்கு ஏறத்தாழ 243 ஏர் வரும். விவசாயி வாயால் சொன்னதும் பட்டாவும் பொருந்துகின்றன. ஏக்கரை அப்படியே விட்டுவிடவும் கூடாது. நார்மண்டியில் ஆக்ர் என்றொரு பழைய அளவு உண்டு. இடத்துக்கு இடம் மாறுபட்ட அதன் பரப்பு நம் ஏக்கரோடு ஒத்துவராது.

அந்த விவசாயியின் ஒரு வரி, பிரெஞ்சு அறிக்கையில் இந்தப் பொருள்பட அமைய வேண்டும்: 'வருவாய் ஆவணப்படி புன்செய் 2.43 ஹெக்டேர், அதில் 0.81 ஹெக்டேர் கிணற்றால் பாசனம் பெறுகிறது, 1.62 ஹெக்டேர் மானாவாரி.' புன்செய் என்ற சொல்லை முதல் முறை சாய்வெழுத்தில் கொடுத்து, பக்கத்திலேயே பிரெஞ்சில் ஒரு வரி விளக்கம் எழுதலாம். பிறகு வரும் இடங்களில் சாய்வெழுத்துச் சொல் மட்டும் போதும். தோட்டம், காடு இரண்டையும் பேட்டி மேற்கோளுக்குள் மட்டும் தமிழாகவே விட்டு, அடைப்புக்குள் வட்டாரப் பொருளைச் சொல்லிவிட வேண்டும். காடு என்ற சொல் இன்னொரு மாவட்டப் பேட்டியில் உண்மையான வனத்தைக் குறிக்கக்கூடும். அதனால் சொற்பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் ஊர்ப் பத்தி ஒன்று வைத்து நிரப்புங்கள்.