அதிகாலை அலாரமும் பதின்ம வயதின் உடல் கடிகாரமும்

பத்தாம் வகுப்பிலும் மேல்நிலை வகுப்புகளிலும் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் என்னிடம் அழைத்து வரும்போது சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பகலில் தலைவலி, வகுப்பில் தூக்கம், படித்தது நினைவில் நிற்பதில்லை, காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான் என்பார்கள். சேலத்தில் குழந்தைகள் நல மருத்துவராகப் பணியாற்றும் நான் இவர்களிடம் முதலில் கேட்பது பள்ளி வேன் எத்தனை மணிக்கு வருகிறது, காலையில் டியூஷன் உண்டா, ஞாயிற்றுக்கிழமை தானாக எப்போது விழிப்பு வருகிறது என்ற மூன்று கேள்விகளைத்தான்.

அம்மாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பிளஸ் ஒன் மாணவனின் கதையை, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, இங்கே சொல்கிறேன். அவனுக்கு வயது 16. ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டு அளவும் சரியாக இருந்தன. கண் பரிசோதனையிலும் குறையில்லை. இரண்டு வாரங்களுக்குத் தூக்கக் குறிப்பு எழுதி வரச் சொன்னேன். வார நாட்களில் பத்து மணிக்குப் படுக்கைக்குப் போகிறான். ஆனால் தூக்கம் வருவதோ நள்ளிரவு 12 மணிக்கு. படிப்பதற்காகக் காலை 5 மணிக்கு எழுப்புகிறார்கள். சனிக்கிழமை இரவு 1 மணிக்குத் தூங்கி, ஞாயிறு காலை 10 மணிக்கு எழுகிறான். வார நாட்களில் அவன் தூங்கும் 5 மணி நேரத்தின் நடுப்புள்ளி அதிகாலை 2.30, ஞாயிற்றுக்கிழமை அது 5.30. அதாவது வாரந்தோறும் மூன்று மணி நேர வித்தியாசமுள்ள இரண்டு ஊர்களுக்கிடையே விமானத்தில் போய் வருபவனைப் போல அவன் உடல் தடுமாறிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் பாட்டி ஒன்பது மணிக்கே தூங்கி நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். "நாங்க எல்லாம் நாலு மணிக்கே எந்திரிச்சுத் தறியில உக்காந்தவங்கதானுங்க, இவனுக்கு மட்டும் என்னங்க?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கான விடை வயதில் இருக்கிறது. பள்ளி செல்லத் தொடங்கிய 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை; 13 முதல் 18 வயதில் 8 முதல் 10 மணி நேரம்; பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம். தூக்கத்தின் அளவு மட்டுமன்றி, அது வரும் நேரமும் வயதோடு நகர்கிறது. பருவமடையத் தொடங்கியதும் அது பின்னோக்கித் தள்ளிப்போய், இருபது வயதையொட்டி மிகவும் தாமதமான நிலையை அடைந்து, அதன் பிறகு ஆண்டுக்காண்டு மெல்ல முன்னே வருகிறது. முதுமையில் சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் எழுவது பாட்டியின் உடல் கடிகாரத்துக்கு இயல்பானது. பேரனின் கடிகாரமோ அப்போது எதிர்க்கோடியில் நிற்கிறது.

இந்தத் தள்ளிப்போதலுக்குக் காரணங்கள் இரண்டு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கும் மையக் கடிகாரம், இருட்டிய பிறகு, இரவு வந்துவிட்டதை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும்படி ஆணையிடுகிறது. பருவ வயதில் அந்தச் சுரப்பு சிறு வயதில் இருந்ததைவிடத் தாமதமாகவே தொடங்குகிறது. அடுத்து, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நம்முள் சேர்ந்துகொண்டே வரும் தூக்க அழுத்தம், பதின்ம வயதில் மெதுவாகச் சேர்கிறது; எட்டு வயதுப் பிள்ளை கண்ணைச் சொருகும் நேரத்தில் பதினாறு வயதுப் பிள்ளை தெளிவாக விழித்திருப்பது இதனால்தான். கைப்பேசி இதைப் பெரிதாக்குகிறது என்பது உண்மை. ஆனால் அதைப் பிடுங்கி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது தவறு.

பெற்றோர் அதிகம் தடுக்கி விழும் இடம் இங்கேதான் இருக்கிறது. வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் கடிகாரம் விழிப்பைத்தான் வலுவாகத் தாங்கிப் பிடிக்கிறது. 12 மணிக்குத் தூங்கிப் பழகியவனைப் பத்து மணிக்குப் படுக்க வைத்தால் அவன் புரண்டுகொண்டுதான் இருப்பான். இன்னொன்றும் உண்டு. இயல்பாக விழிக்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன்பு படும் வெளிச்சம் பின்னே தள்ளும். விட்டுவிட்டால் ஒன்பது, பத்து மணி வரை தூங்கக்கூடிய பிள்ளையை ஐந்து மணிக்கு எழுப்பி டியூப் லைட்டின் கீழ் உட்கார வைக்கும்போது, அவன் கடிகாரத்துக்கு அது இன்னும் நள்ளிரவுதான். சீக்கிரம் எழுந்து பழகட்டும் என்று செய்வதே அன்றிரவு தூக்கத்தை மேலும் தாமதமாக்கக்கூடும். இரவின் பிற்பகுதியில்தான் கனவுத் தூக்கம் அதிகம் வருகிறது என்பதால், அதிகாலை அலாரம் வெட்டி எறிவதும் அதையே.

அந்த மாணவனுக்கு மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. காலாண்டு விடுமுறையின் முதல் சில நாட்கள் அவனாக எழும்வரை விட்டுவிட்டோம். சேர்ந்திருந்த தூக்கக் கடன் தீர்ந்ததும் ஒன்பது மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்தவுடன் அரை மணி நேரம் மொட்டை மாடியில் வெளிச்சத்தில் இருக்கச் சொன்னேன். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை விழிக்கும் நேரத்தை அரை மணி நேரம் முன்னே கொண்டு வந்தோம். மாலை நான்கு மணிக்குப் பிறகு டீ இல்லை. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் பெரிய விளக்கை அணைத்து, கைப்பேசியை அப்பாவிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. பள்ளி திறந்ததும் அதிகாலைப் படிப்பை மாலைக்கு மாற்றி, எழும் நேரத்தை 6.30 என்று வைத்தோம். ஞாயிற்றுக்கிழமையும் 8 மணியைத் தாண்டக் கூடாது. ஒரு மாதத்தில் 11 மணிக்குத் தூக்கம் வரத் தொடங்கியது. ஏழரை மணி நேரம்தான், எட்டு ஆகவில்லை. ஆனாலும் தலைவலி நின்றது.

அந்த மீதி அரை மணி நேரத்தைப் பெற்றோராலோ மருத்துவராலோ தர முடியாது. பள்ளியால் மட்டுமே தர முடியும். அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவக் கழகம் 2014-ஆம் ஆண்டிலேயே, நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2016-இல் சியாட்டில் நகரம் மேல்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றியது. மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தபோது, பள்ளி நாட்களில் அவர்கள் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியது தெரியவந்தது. நேரம் கிடைத்தால் இரவில் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்ற அச்சம் அங்கே பொய்த்தது. தூங்கும் நேரம் பெரிதாக மாறவில்லை, எழும் நேரமே தள்ளிப்போனது. கலிபோர்னியாவில் மேல்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நம் ஊரில் பல பள்ளிகளின் முதல் மணி ஒன்பது மணியை ஒட்டித்தான் அடிக்கிறது, அது குறையன்று. அதற்கு முன் வைக்கப்படும் சிறப்பு வகுப்பும், விடியுமுன் தொடங்கும் டியூஷனும், ஊரெல்லாம் சுற்றி வருவதற்காக ஆறரை மணிக்கே வந்து நிற்கும் வேனும்தான் உண்மையான தொடக்க நேரத்தைத் தீர்மானிக்கின்றன. ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்குப் படிக்க இறங்கி வரும் பிள்ளைக்கு இந்தச் சுமை இன்னும் அதிகம். பெற்றோர் கூட்டத்தில் சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றக் கேளுங்கள். வேனில் முதலில் ஏறும் இடத்தை மாதந்தோறும் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

எல்லாத் தூக்கக் குறையும் கடிகாரத்தால் வருவதில்லை. விடுமுறையில் விருப்பம்போல் தூங்கவிட்டால் நன்றாகத் தூங்கித் தெளிவாக எழுகிற பிள்ளைக்குக் கோளாறு நேரத்தில்தான். ஒன்பது மணி நேரம் தூங்கியும் சோர்வு தீராமல் இருந்தாலோ, குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வந்தாலோ, படுத்தவுடன் கால்களை அசைக்காமல் இருக்க முடியவில்லை என்றாலோ, விளையாட்டிலும் நண்பர்களிடமும் பிடிப்பு விட்டுப்போயிருந்தாலோ, தூக்கக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள். அங்கே தேட வேண்டியது டான்சில் வீக்கத்தையோ, இரும்புச்சத்துக் குறைவையோ, மனச்சோர்வையோதான்.