வயலின் கிளாஸ்ல ஏ வாங்கினா ஜிபிஏ எப்படி குறையுது?

கலிஃபோர்னியால இருக்கிற ஒரு அக்கா போன வாரம் ஒரு கேள்வி கேட்டாங்க. அவங்க பொண்ணு ஹைஸ்கூல்ல பத்தாவது படிக்கிறா, ஸ்கூல் ஆர்கெஸ்ட்ரால வயலின் வாசிக்கிறா, அதுல எப்பவுமே ஏ தான். இப்ப திடீர்னு "அம்மா, நான் ஆர்கெஸ்ட்ராவ விட்டுடறேன், அது என் ஜிபிஏவ இறக்குது"ங்கிறாளாம். "ஏ வாங்கினா எப்படி தம்பி இறங்கும், இவ சாக்கு சொல்றாளா?"ன்னு அக்காவுக்கு சந்தேகம்.

சாக்கு இல்லக்கா, பொண்ணு போட்ட கணக்கு சரிதான்.

அமெரிக்க ஸ்கூல்ல ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1. எல்லாத்தையும் கூட்டி பாடங்களோட எண்ணிக்கையால வகுத்தா அதுதான் அன்வெயிட்டட் ஜிபிஏ, 4.0-க்கு மேல போகவே போகாது. வெயிட்டட்ல என்னன்னா ஹானர்ஸ், காலேஜ் தரத்துல நடத்துற ஏபி மாதிரி கஷ்டமான பாடத்துக்கு கூடுதலா ஒரு பாயிண்ட் தருவாங்க, அங்க ஏ வாங்கினா 5, பி வாங்கினா 4. சில ஸ்கூல்ல ஹானர்ஸுக்கு அரை பாயிண்ட்தான், ஏபிக்கு மட்டும் ஒண்ணு. நாம இங்க ரெண்டுக்கும் ஒண்ணுன்னே வச்சுக்குவோம்.

இப்ப பொண்ணு ஆறு பாடம் எடுக்கிறா, நாலு ஹானர்ஸ், ரெண்டு சாதாரணம், ஆறுலயும் ஏ. நாலஞ்சு இருபது, ரெண்டுநாலு எட்டு, மொத்தம் 28, ஆறால வகுத்தா 4.67. ஏழாவதா ஆர்கெஸ்ட்ரா சேருது, அதுக்கு ஹானர்ஸ் கிடையாது, அதனால ஏ வாங்கினாலும் 4 தான். 32-ஐ ஏழால வகுங்க, 4.57! அவ வாங்கக்கூடிய உச்சபட்ச மார்க்க வாங்கியும் ஒரு பாயிண்ட்ல சுமார் பத்துல ஒரு பங்கு இறங்கிடுச்சு.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். ஆவரேஜ் 60 வச்சிருக்கிற பேட்ஸ்மேன் ஒரு மேட்ச்ல 50 அடிச்சு அவுட் ஆனா ஆவரேஜ் இறங்குமில்ல, ஏன்னா 50 நல்ல ஸ்கோரா இல்லையான்னு சராசரிக்கு கவலையே இல்ல, இப்ப இருக்கிற சராசரிக்கு மேலயா கீழயான்னு மட்டும்தான் அது பாக்கும். 4.67-ல நிக்கிற பொண்ணுக்கு 4-ங்கிறது கீழ. இன்னொண்ணையும் கவனிங்க, அதே ஆர்கெஸ்ட்ரா ஏ, 3.5-ல இருக்கிற பையனோட சராசரிய தூக்கிவிடும். ஆக, நல்லா படிக்கிற பிள்ளைக்குத்தான் இசையும் ஓவியமும் பாரமா மாறுது. அன்வெயிட்டட்ல இந்த சிக்கலே வராது, 4.0-ஓட இன்னொரு 4 சேர்ந்தா 4.0 தான்.

அப்ப அன்வெயிட்டடே போதுமேன்னு தோணும். ஆனா அதுல வேற அநியாயம் இருக்கு, எல்லாமே சாதாரண பாடமா எடுத்து ஏ வாங்கினவனுக்கு 4.0, எல்லாமே ஏபி எடுத்து பி வாங்கினவளுக்கு 3.0. வெயிட்டட்ல ரெண்டு பேரும் 4.0. அதாவது அந்த ஒரு பாயிண்ட் "ஏபில வாங்கின பி, சாதாரண பாடத்து ஏ-க்கு சமம்"னு சொல்லுது. இது உண்மையான்னு சோதிச்சுப் பாத்தவங்க இருக்காங்க. சாட்லர், டை-ன்னு ரெண்டு பேர் காலேஜ் ஆரம்பநிலை சயின்ஸ் பாடங்கள்ல வந்த மார்க்க வச்சு 2007-ல பாத்தாங்க, ஏபிக்கு ஒரு பாயிண்ட், ஹானர்ஸுக்கு அரை பாயிண்ட் தர்றது நியாயம்தான்னு வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே 2004-ல கைசர், சான்டலிசெஸ் ரெண்டு பேரும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள வச்சு பாத்தப்ப, எத்தனை ஏபி, ஹானர்ஸ் எடுத்தாங்கங்கிற எண்ணிக்கைக்கும் காலேஜ்ல எப்படி படிக்கிறாங்கங்கிறதுக்கும் பெருசா சம்பந்தமில்ல, ஏபி பாடத்துக்குக் கடைசில எழுதற பொதுப் பரீட்சைல வாங்கின ஸ்கோருக்குத்தான் சம்பந்தம் இருக்குன்னு வந்துச்சு. என் அபிப்பிராயம், இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு இன்னும் நிறைய பணம் ஒதுக்கணும், பிள்ளைங்க தூக்கத்தக் கெடுக்கிற ஒரு எண்ண வெறும் பழக்கத்துல முடிவு பண்ணக் கூடாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போனஸுக்கு ஒரு வரம்பு வச்சிருக்கு, அதிகபட்சம் எட்டு செமஸ்டர் பாடத்துக்குத்தான் கூடுதல் பாயிண்ட், அதுலயும் பத்தாவதுல எடுத்தது நாலுக்கு மேல கூடாது, சி-க்கு கீழ வாங்கினா போனஸே இல்ல. இந்தப் பொண்ணுக்கு ஆறு பாடம், வருஷத்துக்கு ரெண்டு செமஸ்டர், ஆக ரெண்டு வருஷத்துல 24 செமஸ்டர் மார்க், எல்லாம் ஏ-ன்னா 96, போனஸ் 8, மொத்தம் 104, வகுத்தா 4.33. ஆர்கெஸ்ட்ராவையும் சேர்த்தா 28 மார்க், போனஸோட மொத்தம் 120, அத 28-ஆல வகுத்தா 4.29 தான். இறக்கம் ஒரு பாயிண்ட்ல பத்துல ஒரு பங்குலேர்ந்து நூத்துல சுமார் அஞ்சு பங்கா சுருங்கிடுச்சு, ஆனா மறையல.

மறைய வைக்கவும் வழி இருக்கு. போனஸ சராசரிக்குள்ள கலக்காம வெளியிலேர்ந்து கூட்டணும். அன்வெயிட்டட் 4.0, ஒவ்வொரு ஹானர்ஸுக்கும் 0.1-ன்னா நாலுக்கு 0.4, ஆக 4.4. ஆர்கெஸ்ட்ரா சேர்ந்தாலும் அதே 4.4, ஒரு புள்ளிகூட நகராது.

அதனால அக்கா, விடறதுக்கு முன்னாடி ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட ஸ்கூல் ப்ரொஃபைல்னு ஒரு தாள் இருக்கும், வாங்கிப் பாருங்க. டிரான்ஸ்கிரிப்ட்டோட காலேஜுக்கு போறது அதுதான், உங்க ஸ்கூல் எந்தக் கணக்கு போடுதுன்னு பொதுவா அதுல போட்டிருப்பாங்க.